ஊர் எல்லை தாண்டினால் இரண்டு ரக்அத்

காயல்பட்டினத்திலிருந்து மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போகும் வியாபாரி ஒருவர், மதுரையில் லுஹர் தொழுகையை நான்கு ரக்அத்துக்குப் பதிலாக இரண்டு ரக்அத்தாகத் தொழலாம். அதோடு சேர்த்து அஸரையும் அப்போதே தொழுதுவிடலாம். அதே ஆள் திருநெல்வேலிக்குப் போனால் இந்தச் சலுகை இரண்டும் கிடையாது. இவ்வளவும் பயணம் போகிற பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் திருநெல்வேலியில் வேலையை முடித்த பிறகு ஒரு ஃபோன் வந்து, அவர் கோவில்பட்டிக்குப் போகிறார். அங்கே இன்னொருவர் கூப்பிட, விருதுநகருக்குப் போகிறார். ஊரை விட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தாயிற்று. இப்போது அவர் பயணியா? பெரும்பாலோர் யோசிக்காமல் ‘ஆமாம்’ என்பார்கள். மார்க்கச் சட்டப்படி அவர் பயணி இல்லை. விருதுநகரிலும் நான்கு ரக்அத்தே தொழ வேண்டும்.

ஏன் என்று புரிந்துகொள்ள, சலுகை எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை. அதிகாலை ஸுப்ஹு இரண்டு ரக்அத், நடுப்பகல் லுஹர் நான்கு, பிற்பகல் அஸர் நான்கு, சூரியன் மறைந்ததும் மஃரிப் மூன்று, இரவு இஷா நான்கு. பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்குவது கஸ்ர். லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில், மஃரிபையும் இஷாவையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவது ஜம்உ. மூன்று ரக்அத் மஃரிபும் இரண்டு ரக்அத் ஸுப்ஹும் சுருங்குவதில்லை. ஸுப்ஹு எதனோடும் சேர்வதுமில்லை. அஸரை மஃரிபோடு சேர்ப்பதும் கிடையாது.

சுருக்கித் தொழும் அனுமதி குர்ஆனின் நிஸா அத்தியாயத்தில், 101ஆம் வசனத்தில் இருக்கிறது. அங்கே எதிரிகளைப் பற்றிய அச்சமும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. அச்சம் நீங்கிய பிறகும் சுருக்குவது ஏன் என்ற கேள்வி உமர் அவர்களுக்கே எழுந்தது. நபி அவர்களிடம் கேட்டபோது, இது இறைவன் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் வந்ததாக முஸ்லிம் நூலில் பதிவாகியிருக்கிறது. ஏசி பெட்டியில் படுத்துக்கொண்டு போகிறவருக்கு எதற்குச் சலுகை என்று இன்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். களைப்பு இருக்கிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை. பயணம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

எவ்வளவு தூரம் போனால் அது பயணம்? இங்கேதான் ஊருக்கு ஊர் ஓர் எண்ணைக் கேட்கிறோம். ஒருவர் 77 கிலோமீட்டர் என்கிறார், ஒருவர் 81, ஒருவர் 88. கேரளத்திலிருந்து வரும் ஷாஃபி நண்பர் 132 என்பார். ஆளுக்கு ஆள் இஷ்டத்துக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எல்லா எண்களும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன.

இப்னு உமர், இப்னு அப்பாஸ் ஆகிய இரு நபித்தோழர்களும் நான்கு பரீத் தூரத்துக்குச் சுருக்கித் தொழுதார்கள் என்று புகாரியில் குறிப்பு இருக்கிறது. ஒரு பரீத் என்பது நான்கு ஃபர்ஸக், ஒரு ஃபர்ஸக் என்பது மூன்று மைல். ஆக மொத்தம் 48 மைல். ஷாஃபி நூல்கள் இதையே இரண்டு மர்ஹலா, அதாவது சுமை ஏற்றிய ஒட்டகம் இரண்டு நாளில் கடக்கும் தூரம் என்றும் சொல்கின்றன. சிக்கல் மைலில் இருக்கிறது. இது ஆங்கிலேயர் மைல் இல்லை, பழைய அரபு மைல். அதற்கு எத்தனை முழம் என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. 6000 முழம் என்றும், 4000 என்றும், 3500 என்றும் கணக்கு உண்டு. ஒரு முழத்தை ஒன்றரை அடி என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 6000 முழம் என்றால் 48 மைல் 132 கிலோமீட்டர் ஆகிறது. 4000 என்றால் 88 கிலோமீட்டர். 3500 என்றால் 77. முழத்தைச் சற்று நீளமாக, 48 சென்டிமீட்டராக எடுத்தால் அந்த 77 என்பது 81 ஆகிவிடும். மேலே நாம் கேட்ட எல்லா எண்களும் இதில் வந்துவிட்டன.

எது சரியாக இருக்கும்? மனசுக்கு நெருக்கமான சான்று எனக்கு மக்காவிலிருந்து கிடைக்கிறது. மக்காவிலிருந்து அரஃபாவுக்குப் போனால் சுருக்கலாமா என்று இப்னு அப்பாஸிடம் கேட்கிறார்கள். கூடாது, ஆனால் உஸ்ஃபான், ஜித்தா, தாயிஃப் போன்ற ஊர்களுக்குப் போனால் சுருக்கலாம் என்று அவர் சொல்கிறார். இந்த ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அரஃபா மக்காவிலிருந்து 20 கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள். ஜித்தாவும் உஸ்ஃபானும் சுமார் 80 கிலோமீட்டர், தாயிஃப் அதற்குச் சற்று மேல். ஆகவே 80ஐ ஒட்டிய கணக்குக்கு வலு அதிகம் என்று படுகிறது.

ஹனஃபி மத்ஹப் மூன்று நாள் நடைப்பயணத்தை அளவுகோலாக வைக்கிறது. நம் நாட்டு ஹனஃபி ஆலிம்கள் அதையும் 48 மைல் என்றே நிர்ணயித்து, ஏறத்தாழ 77, 78 கிலோமீட்டர் என்கிறார்கள். ஆக, கடற்கரையின் ஷாஃபி ஊர்களும் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஹனஃபி ஊர்களும் தூர விஷயத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. நபி அவர்கள் மூன்று மைல் அல்லது மூன்று ஃபர்ஸக் போனதும் இரண்டு ரக்அத் தொழுதார்கள் என்று அனஸ் அறிவிக்கும் ஒரு ஹதீஸும் உண்டு. அதை வைத்து மிகக் குறைந்த தூரத்துக்கே சுருக்குகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நீண்ட பயணத்தில் சுருக்க ஆரம்பித்த இடத்தைத்தான் அந்த ஹதீஸ் சொல்கிறது என்பது மத்ஹபுகளின் விளக்கம்.

எல்லைக்கோட்டில் நிற்கும் ஊர்களுக்கு என்ன செய்வது? காயல்பட்டினத்திலிருந்து நாகர்கோவில் 90 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒரு கணக்கில் பயணம், இன்னொரு கணக்கில் இல்லை. ஷாஃபி மத்ஹபில் இதற்கு வழி எளிது. அங்கே கஸ்ர் அனுமதிதான், கட்டாயம் இல்லை. பயணம் மூன்று மர்ஹலாவை எட்டாதவரை முழுமையாகத் தொழுவதே சிறந்தது என்று அந்த மத்ஹபின் நூல்களே சொல்கின்றன. எனவே நாகர்கோவில் போகிறவர் நான்காகத் தொழுதுவிட்டால் யாருடைய கணக்கிலும் தவறு வராது. சென்னை, பெங்களூரு என்று போகும்போது சுருக்குவது சிறப்பு. ஹனஃபிக்கு இந்த வசதி கிடையாது. பயணி ஆகிவிட்டால் இரண்டு ரக்அத் தொழுவது அவருக்கு வாஜிப். தெரிந்தே நான்காகத் தொழுவது குற்றம்.

தூரம் தெரிந்துவிட்டது. எங்கிருந்து அளப்பது, எங்கே சுருக்க ஆரம்பிப்பது? செல்பேசி வரைபடத்தில் வீட்டு வாசலிலிருந்து ஓட்டல் வாசல் வரை அளக்கிறோம். சட்டம் ஊரின் எல்லையிலிருந்து அளக்கிறது. ஊரின் தொடர்ச்சியான குடியிருப்பைத் தாண்டிய இடத்தில் பயணம் தொடங்குகிறது. தாண்டிவிட்டால் அந்த நிமிடமே சுருக்கலாம். 80 கிலோமீட்டர் ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நபி அவர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது மதீனாவில் லுஹரை நான்காகவும், ஊருக்கு வெளியே துல்ஹுலைஃபாவில் அஸரை இரண்டாகவும் தொழுதார்கள். இரண்டுக்கும் இடையே பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

இதே சட்டம் மறுபக்கமும் வெட்டும். சென்னைவாசி ஒருவர் துபாய்க்குப் பறக்க மீனம்பாக்கம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்துவிட்டது, மனம் துபாய்க்கே போய்விட்டது. ஆனாலும் நகரின் தொடர்ச்சியான கட்டடங்களுக்குள்தான் அவர் இருக்கிறார். அங்கே தொழும் இஷா நான்கு ரக்அத். திரும்பி வரும்போதும் அப்படியே. காயல்பட்டினத்துக்காரர் அதே விமான நிலையத்துக்கு வந்து நின்றால் கதை வேறு. அவர் ஏற்கெனவே பயணி.

இனி விருதுநகர் கேள்விக்கு வரலாம். காயல்பட்டினத்தில் ஒரு வியாபாரி ஆலிம் ஒருவரிடம் இதைக் கேட்டார்.

“ஆலிம்சா, வண்டி மீட்டர்ல நூறுக்கு மேல காட்டுது. இன்னுமா நான் முஸாஃபிர் இல்ல?”

“மீட்டரை விடுங்க காக்கா. காயல்லேர்ந்து கிளம்பும்போது எந்த ஊருக்குன்னு நினைச்சீங்க?”

“திருநவேலிக்குத்தான்.”

“அது பயண தூரம் இல்ல. அங்கேர்ந்து கிளம்பும்போது?”

“கோவில்பட்டி.”

“அதுவும் இல்ல. பிறகு விருதுநகர், அதுவும் இல்ல. உங்க மூணு நினைப்புல ஒண்ணுகூட எம்பது கிலோமீட்டரைத் தொடலியே.”

பயணி என்ற நிலைக்கு அடிப்படை, புறப்படும் நேரத்தில் மனதில் இருக்கும் இலக்கு. அந்த இலக்கு பயண தூரத்தில் இருக்க வேண்டும். திருநெல்வேலியில் முடிவு மாறினால், அங்கிருந்து புதிதாக அளக்க வேண்டும். பழைய அறுபது கிலோமீட்டர் கூட்டலில் சேராது. எங்கே போகிறோம் என்றே தெரியாமல் ஊர் சுற்றுகிறவர் ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் சுருக்க முடியாது என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்வது இதே காரணத்தால்தான்.

அதே வியாபாரி, திருநெல்வேலி, கோவில்பட்டி, விருதுநகர் மூன்றையும் பார்த்துவிட்டு வருவது என்று காயல்பட்டினத்திலேயே முடிவு செய்து கிளம்பியிருந்தால், ஊர் எல்லையைத் தாண்டியதும் பயணி ஆகியிருப்பார். திருநெல்வேலியில் நின்று தொழும் லுஹரும் இரண்டு ரக்அத்தாகியிருக்கும். முதல் ஆள் விஷயத்திலும் ஒரு திருப்பம் உண்டு. விருதுநகரில் வேலை முடிந்து நேரே வீட்டுக்குக் கிளம்பும்போது அவருடைய இலக்கு காயல்பட்டினம், தூரம் நூற்றுக்கு மேல். விருதுநகரைத் தாண்டியதும் அவர் பயணி. போகும்போது நான்கு, வரும்போது இரண்டு. விற்பனைப் பிரதிநிதிகளுக்கு இது அடிக்கடி நேரும். எனவே காலையில் கிளம்பும்போதே அன்றைய கடைசி ஊர் எது என்று தீர்மானித்துக்கொள்வது, தொழுகையின் கணக்கையும் தீர்மானித்துவிடுகிறது.

தூரத்துக்கு அடுத்தது நாள். போன ஊரில் எத்தனை நாள் தங்குகிறோம் என்பதைப் பொறுத்து, பயணி உள்ளூர்க்காரர் ஆகிவிடலாம். ஷாஃபி மத்ஹபில் போய்ச் சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்துவிட்டு, நடுவில் நான்கு முழு நாட்கள் தங்கும் எண்ணம் இருந்தால், அந்த ஊரில் கால் வைத்ததும் சலுகை முடிந்துவிடும். ஹஜ்ஜுக்குப் பிறகு மக்காவில் மூன்று நாள் மட்டும் தங்கிக்கொள்ள ஹிஜ்ரத் செய்து வந்தவர்களுக்கு நபி அவர்கள் அனுமதி அளித்தார்கள். மூன்று நாள்வரை தங்குவது ‘குடியிருப்பு’ ஆகாது, நான்கு ஆனால் ஆகிவிடும் என்று அதிலிருந்து எடுத்தார்கள். ஹனஃபியில் எல்லை 15 நாட்கள்.

ஒரு நாள் வித்தியாசம் எவ்வளவு மாற்றுகிறது என்பதற்குச் சென்னைப் பயணம் ஒன்றைப் பார்ப்போம். ஞாயிறு இரவு காயல்பட்டினத்தில் ரயில் ஏறி, திங்கள் காலை எழும்பூரில் இறங்கி, மண்ணடியில் தங்கிக் கொள்முதல் செய்கிறார் ஒருவர். வெள்ளி இரவு ரயிலுக்கு டிக்கெட். திங்களையும் வெள்ளியையும் கழித்தால் நடுவில் செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாட்கள். ஐந்து நாளும் அவர் பயணி; சுருக்கலாம், சேர்க்கலாம். அதே டிக்கெட் சனி இரவுக்கு இருந்தால் நடுவில் வெள்ளியும் சேர்ந்து நான்கு நாட்கள். திங்கள் காலை சென்னைக்குள் வந்தது முதலே அவர் முழுமையாகத் தொழ வேண்டும். முதல் மூன்று நாள் சுருக்கிவிட்டு நான்காம் நாளிலிருந்து முழுமையாகத் தொழலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எண்ணம் இருந்தாலே போதும், முதல் வேளையிலிருந்தே நான்கு. அவரோடு அதே அறையில் தங்கியிருக்கும் ஆம்பூர்க்காரர் ஹனஃபி என்றால் இரண்டு டிக்கெட்டிலும் பயணிதான், இரண்டு ரக்அத்துதான். ஓர் அறையில் இருவர் இரண்டு விதமாகத் தொழுவதைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டியதில்லை.

வெள்ளி டிக்கெட்டோடு வந்தவருக்கு வியாழக்கிழமை திட்டம் மாறி, அடுத்த புதன்வரை இருப்பது என்று முடிவாகிறது. அந்த முடிவு எடுத்த நிமிடத்திலிருந்து அவர் முழுமையாகத் தொழ வேண்டும். அதுவரை சுருக்கித் தொழுதவை செல்லும், திரும்பத் தொழ வேண்டாம்.

வியாபாரிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நிலுவைப் பணம் வாங்க வந்திருக்கிறார். கடைக்காரர் ‘இன்னிக்கு வாங்க, நாளைக்கு வாங்க’ என்று இழுக்கிறார். பணம் கைக்கு வந்த அன்றே கிளம்பிவிடும் எண்ணம்; ஆனால் அது இன்றா, நாளை மறுநாளா என்று தெரியாது. இப்படி எந்த நாளும் வேலை முடியலாம் என்று எதிர்பார்த்து நிற்பவர் ஷாஃபி மத்ஹபில் 18 நாட்கள்வரை சுருக்கலாம். மக்கா வெற்றியின்போது நபி அவர்கள் 18 இரவுகள் அங்கே இருந்து இரண்டு ரக்அத்தாகத் தொழுதார்கள் என்ற அறிவிப்பு இதற்கு ஆதாரம். ஹனஃபியில் 15 நாள் தங்கும் எண்ணம் இல்லாதவரை எத்தனை நாள் இழுத்தாலும் பயணிதான். ஆனால் நான்கு நாளுக்கு முன்னால் பணம் கிடைக்கவே கிடைக்காது என்று நன்றாகத் தெரிந்தால், ஷாஃபிக்கு இந்த 18 நாள் கணக்கு பொருந்தாது. தன் மனதுக்குத் தெரிந்ததை மறைத்து ‘எந்த நாளும் கிடைக்கலாம்’ என்று வைத்துக்கொள்ள முடியாது.

இப்போது சேர்த்துத் தொழுவதை, மதுரைக்கு ஒரே நாளில் போய்வரும் பயணத்தை வைத்துப் பார்க்கலாம். தூரம் 175 கிலோமீட்டரை ஒட்டி வரும். எந்தக் கணக்கிலும் பயணம். ஸுப்ஹு தொழுதுவிட்டுக் காரில் கிளம்புகிறார்கள். மதுரையில் லுஹர் நேரம் பன்னிரண்டேகாலை ஒட்டி வரும். பேச்சுவார்த்தை ஒன்றுக்குத் தொடங்கி நான்குவரை இழுக்கும் என்று தெரியும். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, முற்படுத்திச் சேர்ப்பது. பன்னிரண்டரைக்குப் பள்ளிவாசலில் லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுகிறார். தக்பீர் கட்டும்போதே சுருக்கும் நிய்யத் வேண்டும். அஸரைச் சேர்க்கும் நிய்யத்தும் லுஹர் முடிவதற்குள் வந்துவிட வேண்டும். ஆரம்பத்திலேயே வைப்பது நல்லது. ஸலாம் கொடுத்ததும் எழுந்து, இகாமத் சொல்லி, அஸரை இரண்டு ரக்அத் தொழுகிறார். நடுவில் நீண்ட இடைவெளி விழக்கூடாது. சுருக்கமாக இரண்டு ரக்அத் தொழும் நேரம்தான் எல்லை. தவறு இங்கேதான் நடக்கிறது. லுஹர் முடிந்ததும் சட்டைப்பையில் ஃபோன் அதிர்கிறது, எடுத்துப் பேசுகிறார், விலை பேசி முடிக்க ஐந்து நிமிடம். சேர்ப்பு அறுந்துவிட்டது, அஸரை அதன் நேரத்தில்தான் தொழ வேண்டும். லுஹருக்குப் பின் சுன்னத் தொழுவதும் இதே போல இடைவெளியாகிவிடும். அதை அஸருக்குப் பிறகு தொழுதுகொள்ளலாம்.

இரண்டாவது வழி, பிற்படுத்திச் சேர்ப்பது. பேச்சுவார்த்தை முடிந்து, அஸர் நேரத்தில் இரண்டையும் தொழுகிறார். இதற்கு நடுவில் இடைவெளி விழுந்தாலும் பரவாயில்லை. ஆனால் லுஹர் நேரம் முடிவதற்குள், ‘இதை அஸரோடு சேர்க்கப் பிற்படுத்துகிறேன்’ என்ற எண்ணம் மனதில் வந்திருக்க வேண்டும். வேலையில் மறந்தே போய், அஸர் பாங்கு கேட்டதும் நினைவு வந்து ‘சரி, சேர்த்துத் தொழுதுக்கலாம்’ என்றால் அது ஜம்உ ஆகாது. லுஹர் களா ஆகிவிட்டது.

மாலை ஐந்தரைக்கு மதுரையிலிருந்து கிளம்புகிறார்கள். வழியில் மஃரிப் வருகிறது. வண்டியை நிறுத்தாமல், வீட்டுக்குப் போய் ஒன்பது மணிக்கு மஃரிபும் இஷாவும் சேர்த்துத் தொழலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கூடாது. பிற்படுத்திச் சேர்ப்பதற்கு, இரண்டாவது தொழுகை முடியும்வரை பயணம் நீடிக்க வேண்டும். ஊர் எல்லைக்குள் வந்துவிட்டால் பயணம் முடிந்தது. சுருக்கும் உரிமையும் போய்விட்டது, மஃரிப் களாவாகத்தான் கணக்காகும். ஆகவே தூத்துக்குடியில், அல்லது ஊருக்கு முந்திய ஏதாவது ஒரு பள்ளிவாசலில் நிறுத்தி, மஃரிப் மூன்று, இஷா இரண்டு என்று தொழுதுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். முற்படுத்தும் வழியில் இந்தக் கவலை இல்லை. வழியில் மஃரிப் நேரத்திலேயே இரண்டையும் தொழுதவர், இஷா நேரத்தில் வீடு வந்து சேர்ந்தாலும் மறுபடி தொழ வேண்டாம்.

ஹனஃபி வியாபாரிக்கு இந்தச் சேர்ப்பு கிடையாது. ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர, ஒரு நேரத்துத் தொழுகையை இன்னொரு நேரத்தில் தொழ அந்த மத்ஹப் அனுமதிப்பதில்லை. லுஹரை அதன் கடைசி நேரத்திலும், அஸரை அதன் முதல் நேரத்திலும் தொழுதால் பார்ப்பதற்குச் சேர்த்துத் தொழுத மாதிரி இருக்கும், இரண்டும் தத்தம் நேரத்திலேயே நிறைவேறியிருக்கும். ஒரே காரில் ஷாஃபியும் ஹனஃபியும் போனால், இந்த நேரத்தைப் பார்த்து வண்டியை நிறுத்துவது இருவருக்கும் பொருந்தும்.

நெடுஞ்சாலைப் பள்ளிவாசல்களில் நான் கவனித்த, கவலை தரும் பழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளூர் இமாம் லுஹரில் மூன்றாவது ரக்அத்தில் இருக்கிறார். பயணி ஒருவர் ஓடிவந்து சேர்கிறார். இமாமோடு இரண்டு ரக்அத் கிடைக்கிறது, இமாம் ஸலாம் கொடுத்ததும் இவரும் கொடுத்துவிட்டு எழுந்து போகிறார். தனக்கு இரண்டுதானே கடமை என்று கணக்குப் போட்டுவிட்டார். அந்தத் தொழுகை கூடாது. முழுமையாகத் தொழும் இமாமைப் பின்பற்றினால், ஷாஃபியோ ஹனஃபியோ, பயணியும் நான்கு ரக்அத் தொழ வேண்டும். இமாமோடு இரண்டு கிடைத்தால், எழுந்து மீதி இரண்டையும் தொழ வேண்டும். ஜமாஅத்தை விட மனமில்லாத ஷாஃபி, லுஹரை இமாமோடு நான்காகத் தொழுதுவிட்டு, அஸரைத் தனியாக இரண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். பயணி இமாமாக நின்றால் அவர் இரண்டில் ஸலாம் கொடுப்பார். பின்னால் நிற்கும் உள்ளூர்க்காரர்கள் எழுந்து முழுமையாக்குவார்கள். தொடங்கும் முன்பே ‘நான் முஸாஃபிர்’ என்று சொல்லிவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமை பற்றி ஒரு வார்த்தை. பயணிக்கு ஜும்ஆ கட்டாயம் இல்லை, லுஹர் தொழுதால் போதும். ஆனால் ஷாஃபி மத்ஹபில், வெள்ளி ஸுப்ஹு நேரம் வந்த பிறகு ஊரிலிருந்து கிளம்பி அதனால் ஜும்ஆ தவறும் என்றால், அந்தப் புறப்பாடு கூடாது. வழியில் ஓர் ஊரில் ஜும்ஆ கிடைக்கும் என்றால் கிளம்பலாம். அல்லது வியாழன் இரவே கிளம்பிவிடலாம். மேலே பார்த்த சென்னைப் பயணி மண்ணடியில் ஜும்ஆ தொழுதுவிட்டு, உடனே அஸரை அதோடு முற்படுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். ஜும்ஆவைப் பிற்படுத்த மட்டும் முடியாது.

பயணத்தில் தவறிய தொழுகையை வீட்டுக்கு வந்து நிறைவேற்றும்போது ஷாஃபி நான்காகத் தொழ வேண்டும், ஹனஃபி இரண்டாகவே தொழுவார். வீட்டில் தவறியதைப் பயணத்தில் தொழுதால் இருவருக்கும் நான்கு.

அடுத்த பயணத்துக்கு முன் உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்பதாக இருந்தால், ‘சென்னை போகிறேன், சுருக்கலாமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். கிளம்பும் ஊர், கடைசியாகப் போகும் ஊர், போய்ச் சேரும் நாள், திரும்பும் டிக்கெட்டின் நாள், வேலை முடியும் நாள் உறுதியா இல்லையா, இவ்வளவையும் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் அவரால் சரியான பதில் சொல்ல முடியும்.